சுவரில் விட்டுப்போன ஆணி

தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் ரீடிங் உண்டு. போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, இந்த சிலிண்டர் ஏன் அதற்கு முன்னால் தீர்ந்தது, குளியலறை விளக்கை அணைக்காமல் போனது யார் என்று அவருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். மனைவியின் தங்கை அவருக்கு 'மீட்டர் மாமா' என்று பெயர் வைத்திருந்தாள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவாள். அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். சில பேருக்கு அப்படி ஒரு வரம்.

வீட்டுக்கு வீடு போய் மீட்டர் மூடியைத் திறந்து, எண்ணைக் குறித்து, கூடவே இரண்டு வார்த்தை உபதேசமும் சொல்லிவிட்டு வருவார். "ஒருநாள் தொட்டி ரொப்பினதால பில்லு ஏறாதும்மா. சொட்டுற குழாய்தான் குடியைக் கெடுக்கும். சிறுதுளி பெருவெள்ளம்." இதை எத்தனை வாசலில் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஊருக்கு உபதேசம் சொல்கிறவர்களுக்கு வீட்டுக்குள் காது கேட்பதில்லை. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் குட்டிக் கத்தரியால் வெட்ட வேண்டும். வேலை மேஜைக்கு முன்னால் நின்றபடி. காலையில் நிற்க ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும், அப்புறம் சாயங்காலம்வரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாய்ந்து கிடந்தது. "உட்கார்ந்து பண்ற வேலை பாருங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் சொல்வார்கள். நாற்காலியை அவர்களா போடுவார்கள்?

நாற்காலி, தையல் மெஷினில் உட்காருகிறவர்களுக்குத்தான். துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் ஓர் இடம் காலியாகப் போகிறது, பிசிறு வெட்டுகிறவர்களும் பரீட்சைக்கு வரலாம் என்று சூப்பர்வைசர் சொன்னதும் அவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். பரீட்சை எளிதில்லை. நூலே இல்லாத வெறும் மெஷினைக் கொடுப்பார்கள். நாலு நூலையும் கோத்து, ஒரு துணியை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓவர்லாக் மெஷினுக்கு மேலே இரண்டு ஊசி இருக்கின்றன, கீழே லூப்பர் என்று இரண்டு கொக்கிக் கைகள் இருக்கின்றன. நூல் அவற்றுக்குப் போகும் வழி சந்துபொந்து. மெஷினில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களே அந்த வழியை மறந்துபோயிருப்பார்கள். ஏனென்றால் தினமும் பழைய நூலின் வாலில் புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுகிற வழக்கம் அங்கே. கேட்டால் "யாரு முதல்லேர்ந்து கோக்குறா" என்பார்கள். டார்கெட்டுக்கு ஓடுகிறவர்களிடம் மூடியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கவும் முடியாது. மெஷினைப் பிசிறு வெட்டுகிறவள் தொடவும் கூடாது.

அதனால் அவள் தன் சேமிப்பில் ஒரு தையல் கோர்ஸ் வாங்கினாள். செல்போனில் பார்க்கிற கோர்ஸ். அதில் ஐம்பது நிமிஷ வீடியோ ஒன்று, நடுவில் பன்னிரண்டு நிமிஷம் நூல் கோக்கிற பாடம். அவளுக்கு வேண்டியது அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான்.

வாங்கிய அன்றைக்கே அந்த வீடியோவை டவுன்லோடு செய்தாள். ஆப் எந்தத் தரத்தில் வேண்டும் என்று கேட்டது. தெளிவான படம் என்றிருந்ததைத் தொட்டாள். இறங்கி முடிந்ததும் ஆரம்பத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று வைத்தாள்.

சாயங்காலம் மீட்டர்காரர் ரீடிங் எடுத்தார். வீட்டில் இரண்டு போனுக்கும் சேர்த்து மாதம் ஒரே டேட்டா பேக். தீர்ந்துவிட்டால் வேகம் ஆமையாகும், வீடியோ எதுவும் ஓடாது. ஆகவே தினமும் கம்பெனி ஆப்பைத் திறந்து, அன்றைக்கு மனைவியின் நம்பரில் எவ்வளவு போனது என்று பார்ப்பது அவருக்கு சந்தியாவந்தனம் மாதிரி. அன்றைக்கு அந்த வரைபடத்தில் கம்பம் ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. ஐந்நூற்று இருபது எம்பி.

"இந்தா, இங்க வா. இது என்ன இது?"

"கோர்ஸ் வீடியோங்க. டவுன்லோடு பண்ணி வெச்சேன்."

"ஒரே நாள்ல அரை ஜிபியா? உனக்கு வேண்டியது எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு நிமிஷம்."

"அதுக்கு முழுசையும் இறக்குவியா? ஒரு டம்ளர் தண்ணிக்கு லாரியைக் கூப்பிட்ட கதையா இருக்கே. வேணுங்கிற பன்னெண்டு நிமிஷத்தை மட்டும் ஓடவிட்டுப் பாரு. பார்த்த அளவுக்குத்தான் போகும்."

சொன்னதில் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரே ஒரு தடவை, அதுவும் கொஞ்சம் மட்டும் பார்க்கிறவருக்கு ஓடவிட்டுப் பார்ப்பதுதான் லாபம். அவள் எத்தனை தடவை பார்ப்பாள் என்ற கேள்வியை மட்டும் அந்தக் கணக்குப் புலி கேட்கவில்லை.

"அடிக்கடி பார்க்கணுமேங்க" என்றாள் அவள்.

"பாரு. யாரு வேண்டான்னா? தரத்தைக் குறைச்சு வெச்சுப் பாரு." போனை வாங்கினார். இறக்கியிருந்த வீடியோவை அழித்தார். "போன்ல இடமும் மிச்சம்" என்று அதற்கும் ஒரு லாபம் கண்டுபிடித்தார். அப்புறம் படத்தின் தரத்தைப் பட்டியலில் கடைசிக்கு, நூற்று நாற்பத்து நாலுக்கு, இறக்கி வைத்தார். "இதை மாத்தாதே. இப்ப பாரு, எவ்வளவு சிக்கனமா ஓடுதுன்னு."

ஓடியது. அவளும் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். தினம் சாயங்காலம் ரீடிங் எடுக்கிற மனுஷனோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் மெஷின் கிடையாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவரையே மெஷின் ஆக்கினாள். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நூல் எங்கெங்கே திரும்புகிறதோ அங்கங்கே ஓர் ஆணி அடித்தாள். நூல் அழுத்தத் திருகுக்குப் பெரிய ஆணி, துளைக்குச் சின்ன ஆணி, லூப்பருக்கு வளைத்த ஆணி. தொழிற்சாலைக் குப்பையிலிருந்து நாலு நிறத்தில் மிச்ச நூல் கொண்டுவந்தாள். கோக்கிற வரிசை, லூப்பர் இரண்டும் முதலில், ஊசி இரண்டும் கடைசியில்.

தங்கை வந்து பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, வீட்டு ஓனர் பார்த்தா சுவருக்கும் சேர்த்து வாடகை கேட்பாரு."

"கேட்டா மெஷினுக்குத் தனியா கரண்டு பில்லு கட்டலையே, அதுல கழிச்சுக்கச் சொல்லு."

ஒவ்வொரு சாயங்காலமும் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, டீ போட்டு வைத்துவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பாள். பகலெல்லாம் நின்ற கால் அங்கேயும் நின்றது. பாடத்தை ஓடவிடுவாள், நிறுத்துவாள், ஆணியில் நூலைச் சுற்றுவாள், சந்தேகம் வந்தால் முதலிலிருந்து ஓடவிடுவாள். டேட்டா வீணாகக் கூடாதே என்று நூல் சுற்றுகிற நேரத்தில் ஆப்பையே மூடிவைப்பாள். பாவம், அதுதான் அவளுக்குத் தெரிந்த சிக்கனம். மூடித் திறக்கும்போதெல்லாம் அந்த வீடியோ வெளியிலிருந்து மறுபடி வருகிறது, போதாக்குறைக்கு அவள் பார்க்காத அடுத்த பகுதியையும் கொஞ்சம் முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்கிறது என்று அவளுக்கு யார் சொன்னது?

ஒருநாள் அவரிடம் போனை நீட்டினாள். "இங்க பாருங்களேன். இந்த இடத்துல நூல் எங்க போகுதுன்னே தெரியல. ஒரே கலங்கலா இருக்கு."

படத்தில் ஒரு சாம்பல் திட்டு இருந்தது. அதன்மேல் தோல் நிறத்தில் இன்னொரு திட்டு நகர்ந்தது, அது வாத்தியாரம்மாவின் கை. வெள்ளை நூலைக் காணவே காணோம். அந்த அம்மாவும் வாயைத் திறந்து பெயர் சொல்கிற ஜாதியில்லை. "இதை இப்படி எடுத்து, இதுக்குப் பின்னால விட்டு, இப்படி வாங்க" என்று போய்க்கொண்டே இருந்தது குரல். எதை, எதற்குப் பின்னால் என்பதை எல்லாம் கண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், தன் போனில், தெளிவான படத்தில். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நூல் எங்க போகும்? ஊசிக்குத்தான் போகும். குத்துமதிப்பா பார்த்து அடி."

அவள் குத்துமதிப்பாகப் பார்த்து அடித்தாள். பிறகு அந்த வழியிலேயே பழகினாள். கை தானாக ஓடுகிற அளவுக்குப் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டு கோத்து அவரிடம் காட்டினாள். "பரவாயில்லையே" என்றார். அவருடைய அகராதியில் அது பெரிய பட்டம். கம்பெனி ஆப்பில் கம்பங்கள் எல்லாம் புல் மாதிரி குட்டையாக நின்றன. ஒருநாள் எழுபது, ஒருநாள் எண்பது. அதைப் பார்த்து அவருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

பரீட்சையன்று சூப்பர்வைசர் அம்மா வெறும் மெஷின்கள் நாலை வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். நாலு பெண்கள். இவள் கைதான் முதலில் முடித்தது. மற்ற மூன்று பேரும் இரண்டாவது லூப்பரில் திணறிக்கொண்டிருந்தபோது இவள் ஊசியையும் கோத்துவிட்டு, துணியை அழுத்துகிற பாதத்தை இறக்கினாள். சூப்பர்வைசர் அவள் வேகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். துணியை வைத்து மிதித்தாள். ஒரு சாண் அழகாக ஓடியது. பிறகு கீழ் நூல் அறுந்தது.

முறைப்படி ஊசி நூலைக் கழற்றினாள், கீழ் லூப்பரை மறுபடி கோத்தாள், ஊசியைக் கோத்தாள், மிதித்தாள். ஒரு சாண். மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவையும் கோத்தாள், வழி மட்டும் மாறவில்லை. பழகிய வழி அல்லவா. மறுபடி அறுந்தது. அதற்குள் கடைசி மெஷினில் இருந்தவள் தட்டுத்தடுமாறிக் கோத்து முடித்து, கோணலாக ஓட்டினாலும் அறுக்காமல் ஓட்டிவிட்டாள்.

"கை நல்லா ஓடுது" என்றார் சூப்பர்வைசர். "கண்ணு பார்க்கல. அடுத்த லைன் போடும்போது வா." அடுத்த லைன், அதாவது இன்னொரு மெஷின் வரிசை, எப்போது போடுவார்கள் என்று முதலாளிக்கே தெரியாது. அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாது, மேஜையில் சட்டைகள் குவிந்திருந்தன. போய் நின்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். "எனக்கு மண்டையில ஏறலைங்க. அவ்வளவுதான் என் மண்டை. எத்தனை தடவை பார்த்தேன், அப்பவும் ஏறலை" என்றாள்.

"விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார் அவர். "கவனமா படிச்சிருக்கணும்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் போனில் ஒரு செய்தி வந்தது. பேக்கில் தொண்ணூறு சதவீதம் தீர்ந்துவிட்டது, மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. மீட்டர்காரருக்கு மூக்கில் வியர்த்தது. மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் போனை எடுத்தார். இந்தத் தடவை நாள் கணக்கு வேண்டாம், எந்த ஆப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று மாதக் கணக்கையே பார்த்துவிடலாம் என்று செட்டிங்ஸைத் திறந்தார். பரீட்சையும் போச்சு, டேட்டாவும் போச்சு, என்னதான் பார்த்தாய் என்று கேட்கத் தயாராக நாக்கில் ஒரு வாக்கியம்கூட வைத்திருந்தார்.

கோர்ஸ் ஆப், முதல் நாள் இறக்கியது போகவே ஒன்றரை ஜிபி.

முதலில் அவர் நம்பவில்லை. தினமும் எழுபது எண்பதுதானே. சுவரில் சாய்ந்து நின்று விரல் விட்டார். பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பதினைந்து எம்பி. கலங்கல் படத்தில், ஒரு தடவைக்கு. ஒரு சாயங்காலத்துக்கு ஐந்து தடவை. அப்படி மூன்று வாரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் அழித்த அந்த முழு வீடியோ, தெளிவான படம், ஐந்நூற்று இருபது. அதை ஒரு தடவை இறக்கியதோடு முடிந்திருக்கும். அதன் பிறகு நூறு தடவை பார்த்தாலும் டேட்டாவில் ஒரு சொட்டு குறைந்திருக்காது. குடத்துத் தண்ணீராவது குடிக்கக் குடிக்கக் குறையும், இறக்கிய படம் அதுகூடக் குறையாது. அவர் மிச்சம் பிடித்த அழகில், அவள் கலங்கலையே பார்த்து மூன்று மடங்கு செலவழித்திருந்தாள்.

பெரிய கம்பத்தைப் பார்த்துப் பயந்து, புல்லைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறார். சொட்டுக் குழாயைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிற மனுஷன். அவமானத்தில் காது சூடானது. அதே கணக்கைத் தன் போனிலும் பார்க்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. தன் போனை எடுத்துப் பார்த்தார். செய்தி ஆப், தானாக அடுத்தடுத்து ஓடுகிற வீடியோக்கள், கோர்ஸைவிட நாலு மடங்கு. அவர் ரீடிங் எடுக்காத ஒரே மீட்டர் அதுதான். போனைக் கவிழ்த்து வைத்தார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "டேட்டா தீர்ந்துடுச்சாங்க? நான்தான் ஓயாம பார்த்தேன். பார்த்ததுக்கும் பிரயோஜனம் இல்ல."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும்.

புது மாதத்துப் பேக் வந்த அன்று காலையில், அவள் குளிக்கப் போயிருந்தபோது, அவள் போனில் அந்த வீடியோவைத் தெளிவான தரத்தில் இறக்கினார். ஒரு கம்பம் எழும்பும் என்று தெரிந்தே இறக்கினார். அவள் வேலைக்குப் போகும்போது போனை எடுத்துப் போவதில்லை, உள்ளே அனுமதியில்லை. அதனால் அவர் வாசல் படியில் உட்கார்ந்து பார்த்தார்.

படம் அவ்வளவு தெளிவு. வாத்தியாரம்மாவின் விரல் நகத்தில் சாயம் போன இடம்கூடத் தெரிந்தது. வெள்ளை நூல் பளிச்சென்று ஓடியது. "இதை இப்படி எடுத்து, இதுக்குப் பின்னால விட்டு" என்று அந்த அம்மா சொன்ன இடத்தில், கீழ் லூப்பருக்கு முன்னால், மூடிக்கு அடியில் ஒரு கொக்கி இருந்தது. அரிசி அளவு. நூல் அதற்குப் பின்னால் போய்த்தான் லூப்பருக்கு வந்தது, அதை விட்டால் அறுந்துவிடும்.

போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போனார். ஒவ்வோர் ஆணியாக வைத்துப் பார்த்தார். எல்லாம் அச்சாக இருந்தன. இடைவெளிகூடச் சரியாக இருந்தது. அந்தக் கலங்கலில் இவ்வளவையும் எப்படித்தான் கண்டுபிடித்தாளோ. வளைந்த ஆணிக்கு முன்னால் மட்டும் சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே ஆணி இல்லை. குத்துமதிப்பாக விட்டுப்போயிருந்தது.

அவர் அந்த வெறும் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். அவள் மண்டையில் ஏறாமல் இல்லை. அவர் காட்டியது மட்டும் அப்படியே ஏறியிருந்தது.

அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். அவள் வந்ததும் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தாள். இப்போது எதற்கு என்று விட்டார். மறுநாள் தங்கை வந்திருந்தாள். அவள் எதிரில் எப்படி என்று விட்டார். அந்தப் பெண் சும்மா இருந்தாளா?

"என்ன மாமா, மெஷின் வேலை வந்தா ட்ரீட் தரேன்னு அக்கா சொன்னா. போச்சே."

"எனக்கு எங்கடி அந்த மூளை" என்றாள் அக்கா. "மாமா எவ்வளவோ சொல்லிக் கொடுத்தாரு, சிக்கனமா எப்படிப் பார்க்கிறதுன்னு. நான்தான் மக்கு."

அவர் எழுந்து மாடிக்குப் போனார். மனுஷனுக்கு நெஞ்சில் மீன் முள் மாதிரி ஒன்று நின்றது. திட்டினால் தாங்கியிருப்பார். அவள் அவரைத் தாங்கிப் பேசியதுதான் தாங்கவில்லை.

அப்படியே ஒரு வாரம் போனது. ஒருநாள் வேலையில் ஒரு வீட்டு அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "போன மாசம் தொட்டி கழுவி ரொப்பினோம், அதான் பில்லு எகிறிடுச்சா?"

அவருக்கு வாய் பழக்கத்தில் திறந்தது. "தொட்டி ரொப்பினதால இல்லம்மா. சொட்டுற…" அதற்குமேல் வரவில்லை. அந்த அம்மா காத்திருந்தாள். "உங்க குழாயைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியை மூடினார். அந்தத் தெருவில் மிச்ச வீடுகளில் வெறும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் சத்தம் கேட்டது. அவள் கையில் குறடு. சுவரிலிருந்து ஆணிகளைப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். மேல் வரிசை முழுக்கப் போய்விட்டது. சுவரெல்லாம் பொத்தல்.

"என்ன பண்றே?"

"இது எதுக்குங்க இனிமே. துணி மாட்டிக் கிழியுது. ஓனர் வேற பார்த்தா…"

"நிறுத்து."

அவர் அப்படிச் சத்தமில்லாமல் சொல்லி அவள் கேட்டதில்லை. குறடு நின்றது. அவர் அவள் போனை எடுத்தார், வீடியோவைத் திறந்தார், அந்த இடத்துக்கு ஓட்டினார். அவள் கையில் கொடுத்தார்.

"ஐயோ, டேட்டா…"

"போகாது. இறக்கி வெச்சிருக்கேன். பாரு."

அவள் பார்த்தாள். நூல் போனது. கொக்கிக்குப் பின்னால் போனது. அவள் விரலால் திரையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தாள். இன்னொரு தடவை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கத்துவாள், கத்தட்டும் என்று நின்றார்.

"இது அதுல தெரியவே இல்லையே" என்றாள் மெதுவாக.

"தெரியாது. நான்தான் தெரியாதபடி பண்ணி வெச்சேன். நீ கேட்ட. ஊசிக்குத்தான் போகும்னு சொன்னேன். டேட்டாவும் மிச்சமாகலை, அதுவும் மூணு மடங்கு போயிருக்கு. என் கணக்குத்தான் தப்பு. எல்லாம் என்னாலதான்."

அவள் அவர் சொன்னதில் பாதியைக்கூடக் கேட்ட மாதிரி தெரியவில்லை. போனிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லையா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியதை மறைக்க நினைத்து முடியாமல் போயிற்று.

பிறகு அவள் முகம் மாறியது. "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"புதுப் பேக் வந்த அன்னிக்கு."

"அன்னிக்கேவா?" என்றாள். "இத்தனை நாளா நான் என்னைத் திட்டிக்கிட்டேன். நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டீங்க."

அவர் கேட்டார்தான். தங்கை எதிரில் கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், விளக்கை அணைத்த பிறகும் கேட்டார். டேட்டா தப்பை மன்னித்துவிடலாம், தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது. அவருக்கும் அது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு டப்பாவிலிருந்து ஓர் ஆணியையும் அலமாரியிலிருந்து சுத்தியலையும் எடுத்தார். வளைந்த ஆணிக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தில் வைத்தார்.

"கொடுங்க" என்றாள் அவள். சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீங்க அடிச்சா குத்துமதிப்பா அடிப்பீங்க. போனைப் பிடிங்க."

பிடித்தார்.

"இன்னும் பெருசா காட்டுங்க. மேல தூக்கிப் பிடிங்க."

தூக்கிப் பிடித்தார். அவள் படத்தைப் பார்த்து, சுவரை அளந்து, அந்தச் சின்ன ஆணியை ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தாள். பிடுங்கிய ஆணிகளையும் பொத்தல் பார்த்துத் திரும்ப அடித்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கீழ் லூப்பர் நூலை எடுத்தாள். பழகிய கை அந்தப் புது ஆணியைத் தாண்டிப் போனது. நிறுத்தி, பின்னால் வந்து, அதற்குப் பின்னால் விட்டாள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மறுபடி ஓட்டுங்க."

ஓட்டினார். முடிந்தது. மறுபடி ஓட்டச் சொன்னாள். வீட்டில் இருந்த இன்னொரு முக்காலி கூடத்தில் கிடந்தது. அவர் காலையிலிருந்து தெருத்தெருவாக நடந்தவர். கெண்டைக்கால் கடுத்தது. போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். உட்காரவில்லை.